ஒரே வெயில், ஒரே பத்து அடி: என் பைப் நேராக இருக்கிறது, சுவர் விரிசல் விட்டுவிட்டது, பக்கத்து வீட்டில் கம்பி வளைந்துவிட்டது, சுவருக்கு ஒன்றுமில்லை

மாடிக்கொடி | ஏப்ரல் 21, இரவு 8:40

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட ஒரு இஞ்ச் ஜிஐ பைப் ஒன்று போட்டிருக்கிறோம். ஒரு முனை மாடிப்படி அறைச் சுவரில், மறுமுனை கைப்பிடிச் சுவரில். நடுவில் சரியாகப் பத்து அடி. கைப்பிடிச் சுவர் ஒன்பது அங்குலம்தான், ஆனால் தெருவில் இருந்து மாடி தெரியக்கூடாது என்று ஐந்து அடிக்கு உயர்த்திக் கட்டியது. இரண்டு முனையையும் சுவருக்குள் விட்டு சிமெண்ட் வைத்து இறுக்கிவிட்டார் கொத்தனார்.

போன வருஷம் மே மாதம் கைப்பிடிச் சுவரின் அடியில், உள்பக்கம், படுக்கைவாட்டில் ஒரு விரிசல் வந்தது. மார்கழியில் கொத்தனாரை வரச்சொல்லி அடைத்தோம். இந்தப் பங்குனியிலேயே மறுபடி விரிந்துவிட்டது, முன்னைவிட அதிகமாக. வெளிப்பக்கம் பைப் முனைக்கு நேராகப் பூச்சு உப்பியும் நிற்கிறது. பைப் மட்டும் கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது.

பக்கத்து வீட்டிலும் அதே இடைவெளிதான். அவர்கள் போட்டது 16 எம்எம் கம்பி, சுவரில் துளை போட்டுச் சும்மா செருகியது. அது மத்தியானம் வில் மாதிரி தொங்குகிறது, ஆனால் சுவரில் கீறல்கூட இல்லை. கம்பி மெலிசு, அதனால் துணி பாரத்தில் வளைகிறது என்று முதலில் நினைத்தேன். துணி இல்லாத நாளிலும் மத்தியானம் அதிகமாகத் தொங்குகிறது. என்ன நடக்கிறது?

பிளஸ்டூ இயற்பியல் | ஏப்ரல் 21, இரவு 9:15

அக்கா, இது வெப்பத் தகைவு. இரும்பு சூடானால் நீளும், சுவர் விடாது, உள்ளே தகைவு ஏறும். `σ = E·α·ΔT` போட்டால் போதும்: தகைவு என்பது உலோகத்தின் விறைப்பு E, டிகிரிக்கு நீளும் அளவு α, ஏறிய சூடு ΔT மூன்றின் பெருக்கல். எஃகுக்கு ஒரு டிகிரிக்கு 2.4 மெகாபாஸ்கல். காலையில் இருந்து மத்தியானத்துக்குள் 40 டிகிரி ஏறுகிறது என்று வைத்தாலும் 96 தான் வருகிறது. சாதாரண எஃகு 250 வரை தாங்கும். சூத்திரத்தில் நீளமே இல்லை, அதனால் பத்து அடியா நூறு அடியா என்பதெல்லாம் விஷயமே இல்லை. பைப்புக்கு ஆபத்து இல்லை, கவலை வேண்டாம். சுவர் விரிசல் சிமெண்ட் கலவை சரியில்லாததால் இருக்கும்.

ஐந்துரோட்டுக்காரன் | ஏப்ரல் 21, இரவு 9:32

ஜிஐ பைப் போட்டதே தப்பு. நம்ம ஊரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருட்டும் ஆலையே இருக்கும்போது எஸ்எஸ் பைப் போட்டிருக்கலாம். துருவும் பிடிக்காது, வெயிலுக்கும் அசையாது.

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 22, காலை 6:50

ஐந்துரோட்டு நண்பருக்கு முதலில் ஒரு வார்த்தை. துரு விஷயம் சரி, வெயில் விஷயம் நேர் எதிர். சமையலறைப் பாத்திர வகை ஸ்டெயின்லெஸ், காந்தம் ஒட்டாதது, சாதாரண எஃகைவிட அதிகமாக நீளும். எஃகுக்கு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் என்றால் அதற்கு 17. பத்து அடியை மூன்று மீட்டர் என்று வையுங்கள். 40 டிகிரியில் எஃகு 1.4 மி.மீ. நீளும், அது 2 மி.மீ. நீளும். இருக்கிற விரிசலை இன்னும் கொஞ்சம் திறக்கும், அவ்வளவுதான்.

பிளஸ்டூ தம்பி, கணக்கு சரி, ஆனால் கேள்வி பைப்பைப் பற்றியதல்ல. 96 மெகாபாஸ்கலை விசையாக மாற்றிப் பாருங்கள். ஒரு இஞ்ச் பைப்பில், பைப்பின் தகடு 3.2 மி.மீ. தடிமன் உள்ள வகையில், இரும்பின் குறுக்குப் பரப்பு சுமார் 307 சதுர மி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 3 டன். பைப் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். ஐந்து அடி உயரத்தில் தனியாக நிற்கும் ஒன்பது அங்குலச் சுவரின் மேற்பகுதியில் மூன்று டன்னை வைத்து வெளியே தள்ளினால்? இருநூறு முந்நூறு கிலோவிலேயே அடியில் கலவை விட்டுப்போகும். வெளியே தள்ளினால் இழுபடுவது உள்பக்கத்து அடி. அக்கா சொல்லும் விரிசல் இருக்கும் இடமும் அதுதானே?

இன்னொன்று. அந்தச் சூத்திரம் இரண்டு பக்கமும் மலைபோல அசையாத சுவர் இருந்தால்தான். நிஜத்தில் சுவர் கொஞ்சம் நகரும், நகர நகர விசை குறையும். ஆகவே மூன்று டன் என்பது உச்ச வரம்பு. சுவர் 1.4 மி.மீ. நகர்ந்துவிட்டால் விசை பூச்சியம். அப்போது நீளம் விஷயமாகிறது பாருங்கள்: நூறு அடி பைப்புக்குச் சுவர் 14 மி.மீ. நகரவேண்டும்.

மாடிக்கொடி | ஏப்ரல் 22, காலை 7:30

ஆமாம் ஐயா, உள்பக்க அடியில்தான். சரி, அப்படியென்றால் பக்கத்து வீட்டுக் கம்பியும் இரும்புதானே? அதுவும் அதே அளவு நீளும். அந்தச் சுவர் ஏன் பிழைத்தது?

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 22, காலை 8:20

அதைத்தான் நேற்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன், நல்ல ஜோடி உங்களுடையது.

ஒரு மெல்லிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்குங்கள். ஓரளவுக்கு மேல் அது அமுங்காது, பக்கவாட்டில் வளைந்துவிடும். வளைந்தபின் நீங்கள் எவ்வளவு நெருக்கினாலும் உள்ளங்கையில் அழுத்தம் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கும். 16 எம்எம் கம்பி மூன்று மீட்டரில், முனைகள் சும்மா செருகிய நிலையில், சுமார் 70 கிலோவிலேயே வளைந்துவிடும். அதற்குத் தேவையான சூடு ஒன்றரை டிகிரிதான்! காலை எட்டு மணிக்கே வேலை முடிந்துவிடுகிறது. அதன்பிறகு மத்தியானம் வரை ஏறும் சூடெல்லாம் வளைவை அதிகமாக்குமே தவிர, சுவருக்கு எழுபது கிலோவுக்கு மேல் போகாது. தவிர அது ஏற்கெனவே தன் எடையில் கொஞ்சம் தொங்குகிறது, அதனால் எந்தப் பக்கம் வளைவது என்ற குழப்பமும் இல்லை, கீழே போகிறது.

உங்கள் பைப்பில் இரும்பு கம்பியைவிட ஒன்றரை மடங்குதான். ஆனால் அந்த இரும்பு நடுவில் குவியாமல் வெளிவட்டத்தில் இருக்கிறது, வளைக்க பதினோரு மடங்கு கடினம். முனை தளர்வாக இருந்தால் வளைய 800 கிலோ வேண்டும், உங்கள் கொத்தனார் செய்ததுபோல இறுக்கிக் கட்டினால் 3 டன்னைத் தாண்டும். அதற்கு வெகு முன்னாலேயே சுவர் விட்டுக்கொடுத்துவிட்டது. இரண்டு பேரில் யார் முதலில் தோற்பது என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டில் கம்பி தோற்றது, உங்கள் வீட்டில் சுவர்.

பிளஸ்டூ இயற்பியல் | ஏப்ரல் 22, காலை 8:55

ஒரு மி.மீ. நீண்டதற்கு வில் மாதிரி தொங்குமா? கண்ணுக்கே தெரியாதே.

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 22, காலை 9:30

தெரியும் தம்பி. இந்த இடத்தில்தான் வடிவியல் ஏமாற்றும். முனைகள் நகராமல் கம்பி மெதுவாக வளையும்போது நடுவில் தள்ளும் தூரம் ஏறக்குறைய `a = (2L/π)·√(αΔT)`, இதில் L கம்பியின் நீளம். 30 டிகிரிக்கு மூன்று மீட்டரில் கம்பி நீள்வது வெறும் 1.1 மி.மீ. சூத்திரத்தில் போட்டால் நடுவில் 36 மி.மீ. நாலு விரல் அகலத்தில் பாதி. அக்கா கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் வர்க்கமூலம் இருக்கிறது பாருங்கள், முதல் சில டிகிரியிலேயே பெரும்பகுதி வளைந்துவிடும், பிறகு மெதுவாகத்தான் கூடும்.

ஏற்காட்டுக் காப்பி | ஏப்ரல் 22, மதியம் 1:10

நான் மலை மேலே இருந்து எழுதுகிறேன், இங்கே உங்கள் வெயில் எங்களுக்குப் புரியாது 😀. ஆனால் விஷயம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஜிஐ பைப் என்றால் இரும்பு மேல் துத்தநாகம் பூசியது. இரண்டு உலோகம், இரண்டு விதமாக நீளும். ஈருலோகப் பட்டை இதுதான், எங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸுக்குள் இருப்பதும் இதுதான். அது வளையும். ஆகவே அக்காவின் பைப் வளையப் பார்க்கிறது, அதனால் சுவர் விரிகிறது. சரிதானே?

அதோடு ஒரு சந்தேகம்: அயர்ன் பாக்ஸ் பட்டைக்கு இரண்டு பக்கமும் சுவர் கிடையாது, ஒரு முனைதான் ஆணி. பின்னே ஏன் வளைகிறது?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | ஏப்ரல் 22, மதியம் 2:05

அண்ணே, ஜிஐ பைப்பில் துத்தநாகம் முடி கனம். அதுவும் வெளியே உள்ளே சுற்றிலும் இருக்கு. அது எங்கே பைப்பை வளைக்கும்?

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 22, மாலை 5:40

பட்டறைக்காரர் சொன்னதுதான் பதில். துத்தநாகம் இரும்பைவிட இரண்டரை மடங்கு நீள்வது உண்மைதான். ஆனால் மேலும் கீழும் சமமாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும், எந்தப் பக்கமும் சாயாது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால்தான் வளைவு.

ஆனால் மலைக்காரரின் இரண்டாவது கேள்வி ரொம்ப நல்லது. பட்டைக்குச் சுவர் உண்டு, அது பக்கத்து உலோகம்தான். பட்டையில் ஒரு பக்கம் பித்தளை, அது நீளப் பார்க்கிறது, ஒட்டியிருக்கும் இன்னொரு உலோகம் "இவ்வளவு வேண்டாம்" என்று பிடிக்கிறது. ஒட்டிய இடத்தில் பித்தளை அமுக்கப்படுகிறது, மற்றது இழுக்கப்படுகிறது. அக்காவின் பைப்பில் நடப்பதும் இதுவேதான், பிடிப்பவர் மட்டும் வேறு. நேராக நின்றால் இந்த அழுத்தம் பட்டையின் ஒரு பக்கம் மட்டும் குவிகிறது, அதனால் பட்டை பித்தளையை வெளிவட்டத்தில் வைத்து வளைந்து, அந்த அழுத்தத்தில் பெரும்பகுதியைத் தணித்துக்கொள்கிறது. முழுவதும் போவதில்லை, வளைந்தபின்னும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பித்தளைக்குத் துணையாகப் போட ஒரு நிக்கல் இரும்பு உண்டு, இன்வார் என்று பெயர். டிகிரிக்கு மீட்டருக்கு ஒரு மைக்ரான் போலத்தான் நீளும். அதைக் கண்டுபிடித்த கியோம் என்பவருக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. இரண்டும் சேர்த்து ஒரு மி.மீ. கனம், 50 மி.மீ. நீளம் உள்ள பட்டையை 100 டிகிரி சூடாக்கினால் நுனி கிட்டத்தட்ட மூன்றரை மி.மீ. நகரும். பித்தளை மட்டும் தனியாக இருந்திருந்தால் அது நீண்டிருப்பது 0.1 மி.மீ.க்கும் குறைவு. இங்கேயும் நீளத்தைப் பக்கவாட்டாக மாற்றி முப்பத்தைந்து மடங்கு பெருக்கிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கம்பி செய்ததும் அதே வித்தைதான். ஆனால் கம்பி எந்தப் பக்கம் வளையும், எப்போது வளையும் என்பது கம்பியின் கோணலைப் பொறுத்தது. பட்டையோ ஒரே பக்கம்தான் வளையும், ஒவ்வொரு டிகிரிக்கும் சம அளவில். அதனால்தான் கம்பியை வைத்து அயர்ன் பாக்ஸ் செய்ய முடியாது.

ஏற்காட்டுக் காப்பி | ஏப்ரல் 22, இரவு 7:15

நன்றி ஐயா, புரிந்துவிட்டது. அப்போ கனமான பட்டை போட்டால் இன்னும் பலமாக வளையும், நல்லதுதானே? எங்கள் தோட்டத்துக் காப்பி உலர்த்தியில் ஒரு வட்ட வெப்பமானி, உள்ளே ஈருலோகச் சுருள். முள் மெதுவாகத்தான் அசைகிறது.

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 22, இரவு 8:00

கனம் இரட்டித்தால் வளைவு பாதி ஆகும். முள் நிறைய ஓட வேண்டுமானால் மெல்லியதும் நீளமும் வேண்டும், அதனால்தான் சுருளாகச் சுற்றிவைக்கிறார்கள். கனமானது தள்ளும் பலம் தரும், தூரம் தராது. உங்கள் முள் மெதுவாக அசைவதற்குக் காரணம் உறைக்குள் சூடு ஏறத் தாமதமாகவும் இருக்கலாம், கண்ணால் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

வீட்டு கீசரில் "டிக்" என்று சத்தம் கேட்கும் அல்லவா? அங்கே பட்டை நீட்டமாக இல்லை, சின்னத் தட்டு, கிண்ணம்போல் குழிவாக அடித்தது. சூடு ஏறும்போது குழிவு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், ஆனால் தட்டின் விளிம்பே அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் பொறுக்காமல் ஒரே அடியாகப் புரளும். ஈருலோகப் பட்டையும் சுவருக்கு நடுவே மாட்டிய கம்பியும் ஒரே தட்டில் குடித்தனம் செய்கின்றன.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | ஏப்ரல் 23, காலை 7:10

எல்லாரும் அயர்ன் பாக்ஸுக்குப் போயிட்டீங்க, அக்கா சுவர் அப்படியே நிக்குது. பைப்தான் காரணமா என்று பார்க்க ஒரு வழி: மத்தியானம் மூணு மணிக்கு ஹாக்சா பிளேடால் நடுவில் அறுங்க. தள்ளிக்கிட்டு இருந்தா முக்கால்வாசி அறுக்கும்போது பிளேடைக் கவ்விப் பிடிக்கும். கிரைண்டர் மட்டும் வேண்டாம். கவ்வினால் டிஸ்க் உடைஞ்சு முகத்துக்கு வரும், எங்கள் பட்டறையிலேயே ஒருத்தருக்குக் கண்ணாடி போட்டிருந்ததால்தான் கண் தப்பிச்சது.

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 23, காலை 8:00

வெயிலில் அறுக்க வேண்டாம், தம்பி. சேர்த்துவைத்த விசை ஒரேயடியாக விடுபடும். காலை ஆறு மணிக்கு அறுக்கட்டும், குளிர்ந்த பைப்பில் தள்ளல் கொஞ்சம்தான். பிறகு அந்த இடைவெளி மத்தியானம் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கலாம். அதுதான் சாட்சி.

அக்கா, இன்னொன்றையும் பாருங்கள். மேல்தளத் தளக் கான்கிரீட்டும் வெயிலில் நீளும், டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 10 மைக்ரான். தளமும் பைப்பும் ஒரே அளவு சூடாகி ஒரே அளவு நீண்டிருந்தால் உங்கள் சுவருக்குத் தொந்தரவே இல்லை. பைப் 35 டிகிரி ஏறி, தளம் 15 ஏறினால், பைப் 1.26 மி.மீ., தளம் 0.45. மிச்சமுள்ள 0.8 மி.மீ.தான் சுவரைத் தள்ளும். ஆனால் தளம் தனியாகவும் விரிசல் உண்டாக்கும். பைப் இல்லாத பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலும் அடியில் அதே கோடு இருந்தால் குற்றவாளி தளம்தான்.

மார்கழியில் அடைத்தது இன்னொரு வினை. குளிரில் விரிசல் திறந்திருந்ததே, சுவர் முழுதாகத் திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியில் சிமெண்ட் ஆப்பு வைத்துவிட்டீர்கள். அடுத்த கோடையில் பைப் தள்ள ஆரம்பித்ததே அந்தப் புதிய இடத்தில் இருந்து. வருஷத்துக்கு ஒரு ஆப்பு வைத்தால் சுவர் வருஷத்துக்கு ஒரு அடி வெளியே போகும்.

பிளஸ்டூ இயற்பியல் | ஏப்ரல் 23, காலை 8:40

ஐயா, ஒரு அடி எல்லாம் போகாது, ஒரு மி.மீ. என்று சொல்லுங்கள் 😄

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 23, காலை 8:45

பிடித்துவிட்டீர்கள். ஒரு எட்டு என்று சொல்ல நினைத்தேன்.

மாடிக்கொடி | ஏப்ரல் 26, மாலை 4:20

செய்துவிட்டேன். நேற்று காலை ஆறேகாலுக்கு எங்கள் தம்பி ஹாக்சாவில் அறுத்தான், கவ்வவில்லை. அறுத்த இடைவெளியில் மூன்று விசிட்டிங் கார்டு ஒன்றாக நுழைந்தது. இரண்டரை மணிக்குப் பைப்பில் கை வைக்க முடியவில்லை, அதில் ஒரு கார்டுகூட நுழையவில்லை. இரண்டு முனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. இன்று காலை மறுபடி மூன்று கார்டு.

விரிசல் பைப்புக்கு நேராகத்தான் அகலம், இரண்டு பக்கமும் மூன்று அடியில் மெலிந்து மறைகிறது. ஆனால் ஒரு தொந்தரவு: தெற்கு மூலையில், பைப்பே இல்லாத இடத்தில், அடியில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் பார்க்கவில்லை.

ஐந்துரோட்டுக்காரன் | ஏப்ரல் 26, மாலை 4:45

அப்போ தளமும் பங்காளி. பைப்பை மட்டும் குற்றம் சொல்லாதீங்க.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | ஏப்ரல் 26, மாலை 5:10

பங்காளி யாரா இருந்தாலும் பைப்புக்கு வழி விடணும். மாடிப்படி அறைச் சுவர் பலமா இருக்கு, அந்த முனை அப்படியே இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் பக்கம் ஒன்றேகால் இஞ்ச் பைப் துண்டு ஒரு சாண் நீளம் சுவரில் பதிச்சு, நம்ம பைப்பை அதுக்குள்ளே தளர்வா விடுங்க. அந்தத் துண்டு பைப்புக்கு உள்ளே, முனைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு விரல் கனம் காலியா இருக்கணும். சிமெண்ட் உள்ளே போகாம துணி அடைச்சுப் பூசச் சொல்லுங்க. கொத்தனார் "இறுக்கமா இருந்தாதான் பலம்" என்பார், விடாதீங்க.

கட்டடக் கிழவர் | ஏப்ரல் 26, இரவு 7:30

ஒரு விரல் கனம் தாராளம், உங்களுக்குத் தேவை இரண்டு மி.மீ.தான். முதலில் கைப்பிடிச் சுவரின் விரிசலை இப்போது அடைக்காதீர்கள், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அடையுங்கள். தெற்கு மூலைக் கோட்டின் இரண்டு நுனியிலும் பென்சிலால் தேதியோடு குறி போட்டுவையுங்கள். ஐப்பசியில் அந்தக் குறியைத் தாண்டிப் போயிருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள். அது தளமா, அஸ்திவாரமா என்று அப்போதுதான் பேச முடியும்.

மாடிக்கொடி | ஏப்ரல் 26, இரவு 8:05

குறி போட்டாச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் நம் இழையைப் படித்துவிட்டு, கம்பியை எடுத்து ஒன்றரை இஞ்ச் பைப் போடப்போகிறார், இரண்டு பக்கமும் சிமெண்டில். கம்பி தொங்குவது அசிங்கமாக இருக்கிறதாம். என்ன சொல்லட்டும்?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை | ஏப்ரல் 26, இரவு 8:11

பைப் வாங்க நம்ம பட்டறைக்கு வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்.